என்ஏடி மாத்திரைகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

உடம்பில் என்ஏடி என்ற மூலக்கூறைக் கூட்டுவதற்கென விற்கப்படும் நிகோடினமைடு ரிபோசைடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வரும் கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அந்தப் பெயர் நீளமானது என்பதால் இனி என்ஆர் என்றே எழுதுகிறோம். இதன் நெருங்கிய உறவான நிகோடினமைடு மோனோநியூக்ளியோடைடு, என்எம்என். ஒன்றையடுத்து ஒன்றாகப் படித்தால் பின்வரும் பதில்கள் எளிதாக விளங்கும்.

என்ஏடி, என்ஏடி என்கிறார்களே, அது உடம்பில் என்ன செய்கிறது?

உணவிலிருந்து ஆற்றலைப் பிரிக்கும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் கொடுக்கும் சிறு மூலக்கூறு அது. எல்லாச் செல்லிலும் இருக்கிறது. இந்த வேலையில் அது தேய்ந்துபோவதில்லை. ஏற்றுவதும் இறக்குவதுமாக அதே மூலக்கூறு சுற்றி வரும்.

இன்னொரு வேலையில்தான் அது செலவாகிறது. டிஎன்ஏ அறுந்தால் பழுது பார்க்க வரும் பார்ப் நொதிகள், சிர்டுவின்கள், நோயெதிர்ப்புச் செல்களில் மிகுந்திருக்கும் சிடி38 ஆகியவை என்ஏடியை உடைத்துப் பயன்படுத்துகின்றன. உடைந்தபின் மிஞ்சுவது நிகோடினமைடு. செல் அதை எடுத்து மறுபடியும் என்ஏடி ஆக்கிக்கொள்கிறது. நம் உடம்பின் என்ஏடியில் பெரும்பகுதி இந்த மறுசுழற்சியில்தான் உருவாகிறது.

மூலப்பொருள் உணவிலேயே இல்லாமல் போனால் வருவது பெல்லக்ரா: வெயில் படும் தோல் கறுத்து உரிவது, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம். ஐதராபாத் பக்கம் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடம் இதைக் கண்டு டாக்டர் கோபாலனின் குழு 1960 வாக்கில் விரிவாக ஆராய்ந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையும், ஊட்டம் குறைந்தவர்களுக்கு இதைக் கொண்டுவரக்கூடும். இவை உண்மையான பற்றாக்குறை. கடையில் விற்கும் என்ஆர் பாட்டில் பேசுவது வேறு விஷயம்: நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்கு வயதானதால் என்ஏடி கொஞ்சம் குறைந்திருக்கும், அதை நிரப்பலாம் என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் பாதிச் சந்தேகங்கள் பிறக்கின்றன.

அப்போ என்ஏடியையே மாத்திரையாகப் போட்டுக்கொண்டால் தீர்ந்ததே?

முழு என்ஏடி பெரிய மூலக்கூறு, மின்னேற்றமும் கொண்டது. செல்லின் சவ்வைத் தாண்டி அப்படியே உள்ளே போகாது. குடலிலேயே துண்டாகிவிடும். அதனால்தான் செல்லுக்குள் போய் என்ஏடியாக மாறும் முன்பொருள்களைத் தருகிறார்கள்.

நியாசின், நிகோடினமைடு, என்ஆர், என்எம்என் எல்லாம் வைட்டமின் பி3 தானே? விலை மட்டும் ஏன் மலைக்கும் மடுவுக்கும்?

எல்லாம் ஒரே குடும்பம், ஆனால் என்ஏடிக்குப் போகும் வழி வேறு. நியாசின், அதாவது நிகோடினிக் அமிலம், மூன்று படி ஏறி என்ஏடி ஆகிறது. நிகோடினமைடு இரண்டு படியில் ஆகிறது. ஆனால் அதன் முதல் படியில் நாம்ப்ட் என்ற நொதி காவல் நிற்கிறது. செல்லில் என்ஏடி போதுமான அளவு சேர்ந்ததும் அந்த நொதி மந்தமாகிவிடும். எவ்வளவு நிகோடினமைடைக் கொட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் ஏறாததற்கு இது ஒரு காரணம்.

2004இல் பியெகனோவ்ஸ்கியும் சார்லஸ் பிரென்னரும் மூன்றாவது வழியைக் காட்டினார்கள். என்ஆர் செல்லுக்குள் போனால், என்ஆர்கே என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி என்எம்என் ஆக்குகிறது. அடுத்த படியில் அது என்ஏடி. காவல் நிற்கும் நாம்ப்ட்டைத் தொடவே வேண்டியதில்லை. என்ஆர் மேல் எழுந்த ஆர்வம் முழுக்க இந்தக் குறுக்குவழியால் வந்ததுதான். என்எம்என்னுக்கும் பாதை ஏறக்குறைய இதுவே. செல்லுக்கு வெளியே அதன் பாஸ்பேட் கழன்று என்ஆர் ஆகி உள்ளே போவது நன்கு நிறுவப்பட்ட வழி. நேராகவே நுழைய ஒரு வாயில் உண்டு என்று 2019இல் ஒரு குழு சொன்னது, அதில் இன்னும் சர்ச்சை தீரவில்லை.

விலை வேறுபாட்டுக்குக் காரணம் தயாரிப்புச் செலவும் காப்புரிமையும். விலை கூடுதல் என்பது பலன் கூடுதல் என்பதற்குச் சான்று ஆகாது.

வாயில் போடும் என்ஆர் அப்படியே என் தசைக்குப் போய்ச் சேருமா?

பெரும்பாலும் இல்லை. 2018இல் பிரின்ஸ்டனில் ராபினோவிட்ஸ் குழு, அடையாளமிட்ட அணுக்களைக் கொண்ட என்ஆரை எலிகளுக்குக் கொடுத்து வழியைத் தொடர்ந்தது. ரத்தக்குழாயில் ஏற்றினால் முழு என்ஆர் பல உறுப்புகளுக்குப் போனது. வாய்வழியே கொடுத்தபோது, ஈரலைத் தாண்டும் முன்பே பெரும்பகுதி நிகோடினமைடாக உடைந்துவிட்டது. தசைக்குக் கிடைத்தது அந்த நிகோடினமைடுதான். அதாவது எந்தக் காவலைத் தவிர்க்க என்ஆர் வந்ததோ, அதே வாசலில் கொண்டுபோய் விடுகிறது குடலும் ஈரலும்.

இதில் குடல் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு. அவை நிகோடினமைடின் ஓர் அமைடு தொகுதியைக் கழற்றி நிகோடினிக் அமிலமாக்குகின்றன. பிறகு அது நியாசின் வழியில் என்ஏடி ஆகிறது. என்ஆர் எடுத்தவர்களின் ரத்தத்தில் என்ஏஏடி என்ற இடைப்பொருள் எக்கச்சக்கமாக உயர்வது 2016இல் தெரிந்தபோது பலர் வியந்தார்கள், ஏனென்றால் அது நியாசின் வழியில் மட்டுமே வரும் பொருள். பாக்டீரியாக்களின் இந்த வேலை வெளிவந்ததும் அந்தப் புதிர் பெரும்பாலும் விடுபட்டது.

எவ்வளவு சாப்பிட்டால் ரத்தத்தில் எவ்வளவு ஏறும்?

இதற்குத் தெளிவான பதில் 2019இல் வெளிவந்த ஆய்வில் இருக்கிறது. எடை கூடிய, மற்றபடி ஆரோக்கியமான 140 பேரை நான்கு குழுவாகப் பிரித்து எட்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் போலி மாத்திரை. தினம் 100 மி.கி. எடுத்தவர்களுக்கு ரத்த என்ஏடி சுமார் 22 விழுக்காடும், 300 மி.கி.க்கு 51 விழுக்காடும், 1000 மி.கி.க்கு 142 விழுக்காடும் கூடின. இரண்டு வாரத்துக்குள் உயர்ந்து, பிறகு அந்த மட்டத்திலேயே நின்றது. அளவைப் பத்து மடங்காக்கினால் உயர்வு ஆறேழு மடங்குதான் ஆகிறது என்பதைக் கவனியுங்கள்.

முழங்கியவுடன் எதுவும் ஏறிவிடாது. 2016 ஆய்வில் ஒரே ஆளுக்கு 1000 மி.கி. கொடுத்து மணிக்கணக்காக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, முதல் சில மணி நேரம் என்ஏடி அசையவே இல்லை. மாத்திரை போட்ட அரை மணியில் சுறுசுறுப்பு வந்ததாகச் சொல்பவர்களுக்கு, அது என்ஏடியால் வந்திருக்க வாய்ப்பில்லை.

ரத்தத்தில் இரட்டிப்பானால் தசையிலும் இரட்டிப்பாகியிருக்கும்தானே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பதில்: இல்லை, இதுவரை அப்படிக் காணவில்லை.

பர்மிங்ஹாமில் 70 முதல் 80 வயதுக்குள்ளான 12 ஆண்களுக்கு 21 நாள் தினம் 1000 மி.கி. என்ஆர் கொடுத்து, தொடைத் தசையில் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். ரத்த என்ஏடி இரண்டு மடங்குக்கும் மேல். தசையில் என்ஏஏடியும் கழிவுப் பொருள்களும் கூடியிருந்தன, ஆக மருந்தின் தடம் தசை வரை வந்தது உறுதி. ஆனால் தசையின் என்ஏடி கூடவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் வேலையிலும் மாற்றமில்லை. டென்மார்க்கில் தினம் 2000 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்த ஆய்விலும் தசை என்ஏடி அசையவில்லை.

ஏன் இப்படி? ஒரு விளக்கம், ஆரோக்கியமான தசையில் என்ஏடி ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, நிறைந்த குடத்தில் ஊற்றியது வழிந்தோடுகிறது என்பது. சிறுநீரில் கழிவு ஏறுவது இதற்குப் பொருந்துகிறது. இன்னொன்று, உற்பத்தி கூடியதும் செலவும் கூடியிருக்கலாம், அப்போது இருப்பை மட்டும் அளந்தால் தெரியாது. முதல் விளக்கத்துக்குப் பின்லாந்திலிருந்து வலுவான ஆதரவு கிடைத்தது. மைட்டோகாண்ட்ரியக் கோளாறால் தசை நலிந்த ஐந்து நோயாளிகளுக்கு தசை என்ஏடி உண்மையிலேயே குறைந்திருந்தது. அவர்களுக்குச் சாதாரண நியாசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 750 முதல் 1000 மி.கி. வரை கொடுத்தார்கள். தசை என்ஏடி இயல்பு மட்டத்துக்கு வந்தது, தசை வலுவும் கூடியது. 2020இல் வெளியான சிறிய ஆய்வுதான், ஐந்தே பேர். ஆனாலும் காலியாக இருந்த இடத்தில் ஏறியது, அதுவும் குடும்பத்திலேயே மலிவான மாத்திரையால்.

மூளையைப் பொறுத்தவரை, நார்வேயின் பெர்கனில் புதிதாகப் பார்க்கின்சன் கண்டறியப்பட்ட 30 பேரிடம் 30 நாள் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குத் தினம் 1000 மி.கி. என்ஆர், இன்னொன்றுக்குப் போலி. பாஸ்பரசை அளக்கும் காந்த ஸ்கேனில், என்ஆர் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு மூளை என்ஏடி சற்றுக் கூடியது தெரிந்தது, சிலருக்குக் கூடவில்லை. ஆக, ரத்தம், தசை, மூளை மூன்றுக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல முடியும்.

எலிக்குச் சர்க்கரையும் எடையும் குறைந்ததாமே. மனுஷனுக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

2012இல் வந்த எலி ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீனியோடு கிலோ எடைக்கு 400 மி.கி. என்ஆர் கொடுத்தார்கள். எடை ஏறுவது குறைந்தது, இன்சுலின் நன்றாக வேலை செய்தது. எலி அளவை மனித அளவாக மாற்ற 12.3 ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 32.5 மி.கி. வருகிறது. 60 கிலோ ஆளுக்குச் சுமார் 1950 மி.கி. என்ஆர் பாட்டிலில் ஒரு நாளைக்கென எழுதியிருப்பது வழக்கமாக 300 மி.கி. தான்.

சரி, அளவைக் கூட்டினால்? டென்மார்க் ஆய்வு அதைத்தான் செய்தது. உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ள 40 ஆண்கள், காலை 1000, மாலை 1000. இன்சுலின் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளக்க இருப்பதிலேயே நம்பகமான முறை கிளாம்ப்: ஒரு கையில் இன்சுலினைச் சீராக ஏற்றிக்கொண்டே, ரத்தச் சர்க்கரை இறங்காமலிருக்க எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறது என்று பார்ப்பது. 12 வாரத்துக்குப் பிறகு போலி மாத்திரைக் குழுவுக்கும் இவர்களுக்கும் வேறுபாடில்லை. எடையிலும் இல்லை. நெதர்லாந்தில் தினம் 1000 மி.கி. வீதம் ஆறு வாரம் நடந்த ஆய்விலும் இன்சுலின் விஷயத்தில் இதே முடிவு.

எதிர்த்திசையில் ஒன்று உண்டு. 2021இல் அமெரிக்காவில், மாதவிடாய் நின்ற, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 25 பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் 250 மி.கி. என்எம்என் பத்து வாரம் கொடுத்தார்கள். தசையில் இன்சுலினின் வேலை சுமார் 25 விழுக்காடு மேம்பட்டது. என்எம்என் விற்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் விட்டுவிடுவது: உடல் எடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மாறவில்லை, தொடங்கும்போதே இரு குழுவுக்கும் ஈரல் கொழுப்பில் வேறுபாடு இருந்தது. சர்க்கரைக்கென்று மெட்ஃபார்மின் எடுப்பவர் அதை நிறுத்திவிட்டு இதைத் தொட எந்த ஆதாரமும் இல்லை.

அப்படியென்றால் எதற்குமே பயனில்லை என்கிறீர்களா?

அப்படியும் இல்லை. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. கால் தமனி அடைப்பால் கொஞ்ச தூரம் நடந்ததுமே கெண்டைக்கால் வலித்து நின்றுவிடும் முதியவர்கள் 90 பேர், ஆறு மாதம், தினம் 1000 மி.கி. ஆறு நிமிடத்தில் எவ்வளவு நடக்கிறார்கள் என்பதே அளவுகோல். என்ஆர் குழு 7 மீட்டர் கூடுதலாக நடந்தது. போலி மாத்திரைக் குழு 10.6 மீட்டர் பின்தங்கியது. வேறுபாடு 17.6 மீட்டர். இந்த நோயில் நடை தானாகவே ஆண்டுக்காண்டு குறையும் என்பதால் வேறுபாட்டில் பாதிக்கு மேல் அந்தக் குறைவைத் தடுத்ததால் வந்தது. பெரிய ஆய்வில் இது மறுபடி வர வேண்டும். ஆனால் ரத்தம் போதாமல் அடிக்கடி தவிக்கும் தசையில் பலன் தெரிவது, மேலே சொன்ன காலி இடம் என்ற விளக்கத்தோடு ஒத்துப்போகிறது.

ரத்த அழுத்தம் குறையும் என்ற பேச்சு 2018 ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. 55 முதல் 79 வயது வரையிலான, ஆய்வை முடித்த 24 பேரில், மேல் எண் 120க்கும் 139க்கும் இடையில் இருந்த சிலரை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது சுமார் 9 புள்ளி குறைவாகத் தெரிந்தது. பின்னால் பிரித்துப் பார்த்துக் கிடைத்த சிறு குழுவின் எண் இது. மேற்கொண்டு ஆராய ஒரு காரணம், அவ்வளவுதான்.

மலிவான நியாசினோ நிகோடினமைடோ போதுமே, எதற்கு இது?

நியாசினில் சிக்கல், முகம் சிவந்து எரிவது. 30 முதல் 50 மி.கி.யிலேயே சிலருக்கு வரும். தோலில் உள்ள ஓர் ஏற்பி புரோஸ்டாகிளாண்டின்களைச் சுரக்க வைப்பதால் வருகிறது. என்ஆர் அந்த ஏற்பியைத் தூண்டுவதில்லை. கிராம் கணக்கில் போனால் நியாசின் ரத்தச் சர்க்கரையைக் கூட்டும், ஈரலையும் பாதிக்கலாம், ஆகவே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கூடாது.

நிகோடினமைடு எரியாது. அதற்கென்று ஓர் இடமும் உண்டு: 2015இல் ஆஸ்திரேலியாவில், ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்த 386 பேரிடம், 500 மி.கி. தினம் இருமுறை ஓராண்டு கொடுத்ததில் மெலனோமா அல்லாத புதிய தோல் புற்றுநோய்கள் 23 விழுக்காடு குறைந்தன. என்ஆருக்கு இந்த அளவு உறுதியான மருத்துவப் பலன் இன்னும் ஒன்றும் காட்டப்படவில்லை.

பக்கவிளைவு இல்லையாமே, இயற்கையானதாமே?

தினம் 1000 மி.கி. வரை சில மாதங்கள் எடுத்த ஆய்வுகளில் கடுமையான பாதிப்பு காணவில்லை. குமட்டல், வயிற்று உப்புசம், தலைவலி போன்றவை சிலருக்கு வந்தன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2019இல் பெரியவர்களுக்குத் தினம் 300 மி.கி. வரையும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் 230 மி.கி. வரையும் பாதுகாப்பானது என்றது. பத்தாண்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வே இல்லை.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, மிஞ்சிய நிகோடினமைடு கழிவாகும்போது 4பிஒய் என்ற பொருள் உருவாகிறது. 2024இல் கிளீவ்லாந்து கிளினிக் குழு, ரத்தத்தில் இது கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதிகம் வருவதாகக் கண்டது. அவர்கள் என்ஆர் எடுப்பவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. ஆனால் என்ஆர் 4பிஒய்யை உயர்த்தும் என்பது உறுதியாதலால், இதய நோயுள்ளவர் மருத்துவரிடம் சொல்லாமல் பெரிய அளவைத் தொட வேண்டாம். இரண்டாவது, புற்றுச் செல்களுக்கும் என்ஏடி வேண்டும். நாம்ப்ட்டைத் தடுத்து அவற்றைப் பட்டினி போடும் மருந்துகளே ஆராயப்பட்டன. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் இதைத் தவிர்ப்பதே சரி.

பாட்டிலில் 300 மி.கி. என்று போட்டிருக்கிறது. அதில் உண்மையில் எவ்வளவு பி3?

விற்கப்படுவது பெரும்பாலும் என்ஆர் குளோரைடு. அதன் மூலக்கூறு எடை 290.7. குளோரைடைக் கழித்தால் என்ஆர் மட்டும் 255.2. ஆகவே 300 மி.கி.யில் என்ஆர் 263 மி.கி. அது நிகோடினமைடாக உடைந்தால், நிகோடினமைடின் எடை 122.1 என்பதால், 126 மி.கி. ஆண்களுக்கான அன்றாடத் தேவை 16 மி.கி. என்று வைத்தால் எட்டு மடங்கு. என்எம்என்னோடு ஒப்பிட வேண்டுமானால், அதே எண்ணிக்கை மூலக்கூறுக்கு 345 மி.கி. என்எம்என் வேண்டும். இரண்டு பாட்டிலின் விலையை மி.கி. கணக்கில் அல்லாமல் இப்படி ஒப்பிட்டால்தான் நியாயம்.

காய்ந்த நிலையில் இது நிலையானது. தண்ணீரில் மெல்ல மெல்ல நிகோடினமைடாகவும் ரிபோசாகவும் பிரியும், சூட்டில் வேகமாகப் பிரியும். தூளாக வாங்கிச் சூடான டீயில் கலப்பதும், காலையில் கரைத்து மாலை வரை குடிப்பதும் விலை கொடுத்து வாங்கியதை நிகோடினமைடாக மாற்றிக் குடிப்பதே. மூடியைத் திறந்தபடி ஈரக்காற்றில் வைக்காதீர்கள்.

ரத்தம் கொடுத்து என் என்ஏடி அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?

அளக்கலாம், ஆனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. ரத்த என்ஏடியில் பெரும்பகுதி சிவப்பணுவில் இருக்கிறது, பிளாஸ்மாவில் மிகச் சொற்பம். ஆகவே முழு ரத்தத்தில் அளந்த எண்ணையும் வெள்ளையணுவில் அளந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. சிவப்பணு குறைந்த ரத்தசோகைக்காரருக்கு முழு ரத்த எண் தானாகவே குறைவாக வரும். ரத்தம் எடுத்தபின்னும் நொதிகள் என்ஏடியைத் தின்றுகொண்டே இருப்பதால் உடனே உறையவைக்கவோ அமிலத்தில் நிலைப்படுத்தவோ வேண்டும். அறை வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்த குழாய் பொய்யான குறைவைக் காட்டும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், இதற்குக் கீழே போனால் நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை எதுவும் கிடையாது. மாத்திரை எடுத்தபின் மறுபடி அளந்து எண் இரட்டித்தால், அது மாத்திரையில் பொருள் இருந்தது என்பதையும் நீங்கள் அதை விழுங்கினீர்கள் என்பதையும் காட்டும். போலி பாட்டில்களைக் கண்டுபிடிக்க அது உதவும். தசையில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது.